லாக் போட்டா 13.35 வருது, விடை மட்டும் ஏன் 14?

கேள்வி: 5,000 போட்டு வருஷத்துக்கு 4.5% கூட்டு வட்டி, எத்தனை முழு வருஷத்துல 9,000-ஐ தாண்டும்னு ஒரு கணக்கு. லாக் போட்டா 13.35 வருது, ரவுண்டு பண்ணி 13ன்னு எழுதினேன், விடைல 14ன்னு இருக்கு. வெறும் .35 தானே, அதை ஏன் மேல தூக்கணும்? அப்புறம் லாக்கால வகுக்கும்போது குறி திரும்பும்னு ஒருத்தர் சொல்றார், திரும்பாதுன்னு இன்னொருத்தர் சொல்றார், எது சரி?

பதில்:

14 தான் சரி, இந்த கணக்குல குறி திரும்பாது. நீங்க லாக் போட்டதுல ஒரு தப்பும் இல்ல, கடைசி ஒரு வரியில தான் சறுக்கியிருக்கீங்க.

முதல்ல லாக்கை மறந்துட்டு பணத்தை மட்டும் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, வருஷக் கடைசியில தான் வட்டி ஏறுது. 12வது வருஷம் முடியும்போது கையில 8,479.41 இருக்கு, 13 முடியும்போது 8,860.98, 14 முடியும்போது 9,259.72. இப்ப சொல்லுங்க, 13ன்னு எழுதினா அந்த நாள்ல 9,000 இருக்கா? இல்லையே, இன்னும் 139 குறையுது. அது பெரிய தொகையா சின்ன தொகையாங்கறது பேச்சே இல்ல, தாண்டுச்சா தாண்டலையாங்கறது தான் கேள்வி, தாண்டல. அவ்வளவுதான்.

ரவுண்டு பண்றதுங்கறது "எதுக்கு கிட்ட இருக்கு"ங்கற கேள்விக்கான பதில். 13.35 பதிமூணுக்கு தான் கிட்ட இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா உங்ககிட்ட அதை யாரும் கேக்கல, "முதல் முதலா எந்த வருஷ முடிவுல கோட்டை தாண்டியிருக்கும்"னு தான் கேட்டாங்க. அதனால 13.35 வந்தாலும் 14 தான், 13.02 வந்தாலும் 14 தான், 13.98 வந்தாலும் 14 தான். கடைசி கேஸ்ல மட்டும் ரவுண்டு பண்றவருக்கும் சரியான விடை கிடைச்சிடும், பிரச்சனையே அங்க தான் ஆரம்பிக்குது, ஏன்னா அஞ்சு கணக்குல ரெண்டு மூணு இப்படி தானா சரியா வந்துட்டா இதுதான் முறைன்னு மனசுல உக்காந்துடும், அப்புறம் அதை எடுக்கறது கஷ்டம்.

சரி, லாக் இங்க என்ன வேலை பாக்குதுன்னு ஒரு தடவை நிதானமா பாத்துடலாம், ஏன்னா அது புரிஞ்சா குறி திரும்புற விஷயமும் அதுலயே முடிஞ்சிடும்.

நமக்கு வேண்டியது இது:

```
5000 × 1.045^n > 9000
```

ரெண்டு பக்கமும் 5000-ஆல வகுத்தா:

```
1.045^n > 1.8
```

இந்த இடத்துல ஒரு நொடி நில்லுங்க. 5,000, 9,000 ரெண்டுமே காணாம போச்சு, மிஞ்சினது 1.8ங்கற விகிதம் மட்டும். 50 போட்டு 90 ஆக்கறதுக்கும் 5 கோடி போட்டு 9 கோடி ஆக்கறதுக்கும் அதே 14 வருஷம் தான். இந்த வகுத்தலை பண்ணாம நேரா லாக்குக்கு போறவங்க தான் அதிகமா மாட்டிக்கறாங்க. பவர் 1.045-க்கு மட்டும் தான் சொந்தம், ஆனா அவசரத்துல 5000 × 1.045 = 5225-ன்னு பெருக்கிட்டு, அந்த மொத்தத்துக்கும் பவர் n-ன்னு நெனச்சு log 9000-ஐ log 5225-ஆல வகுப்பாங்க. 1.06 வரும், விடை 2 வருஷம்னு எழுதிடுவாங்க. ரெண்டு வருஷத்துல 4.5% வட்டி மிஞ்சிப் போனா 9 சொச்சம் சதவீதம் தான் ஏத்தும், 80% எப்படி ஏத்தும்? இப்படி ஒரு விடை வந்தா பவரை தப்பான எண்ணுக்கு மாட்டிட்டோம்னு தெரிஞ்சுக்கலாம்.

இப்ப 1.045^n > 1.8. ஒவ்வொரு வருஷமும் 1.045-ஆல பெருக்கிக்கிட்டே போறோம். பெருக்கலை எண்ணுறது கண்ணுக்கு கஷ்டம், கூட்டலை எண்ணுறது சுலபம். லாக் பண்றது அந்த ஒரு வேலை தான், பெருக்கலை கூட்டலா மாத்திடும். log 1.045 = 0.0191163, log 1.8 = 0.2552725, ரெண்டும் பத்தடி லாக். அதாவது 0.2552725 தூரத்துல ஒரு கோடு போட்டிருக்கு, நீங்க ஒவ்வொரு வருஷமும் 0.0191163 நீளத்துக்கு ஒரு எட்டு வைக்கறீங்க. எல்லா எட்டும் ஒரே நீளம், அரை எட்டு வைக்க முடியாது. 13 எட்டு வச்சா 0.2485119, கோட்டுக்கு இன்னும் 0.0067606 பாக்கி. 14வது எட்டு வச்சா 0.2676282, கோட்டுக்கு அந்தப் பக்கம் போயாச்சு. 13.35ங்கறது அந்த மொத்த தூரத்துல எத்தனை எட்டு அடங்கும்ங்கற அளவு, நீங்க வச்ச எட்டோட எண்ணிக்கை இல்ல.

பத்தடி லாக்கா, e அடி லாக்கா, கால்குலேட்டர்ல எந்த பட்டன்னு நிறைய பேர் கேப்பாங்க. எதை அமுக்கினாலும் ஒண்ணுதான், மேலயும் கீழயும் ஒரே லாக்கா இருந்தா போதும். அடியை மாத்தினா எட்டோட நீளமும் கோட்டோட தூரமும் ஒரே மடங்கு மாறும், வகுத்தா அதே 13.3537 தான். மேல ஒரு பட்டன் கீழ இன்னொரு பட்டன்னு அமுக்கினா தான் வம்பு.

குறி விஷயம். ரெண்டு பக்கமும் லாக் எடுத்தா குறி திரும்பாது, பெரிய எண்ணோட லாக் எப்பவும் பெரிசு தான். அடுத்து n-ஐ தனியாக்க log 1.045-ஆல வகுக்கறோம், அது 0.0191, பாசிட்டிவ். பாசிட்டிவ் எண்ணால வகுத்தா குறி அப்படியே இருக்கும். வளர்ற பணத்துக்கு பெருக்கி எப்பவும் 1-ஐ விட பெரிசு, அதோட லாக் எப்பவும் பாசிட்டிவ், அதனால முதலீட்டு கணக்கை இப்படி எழுதினா குறி திரும்பவே திரும்பாது. திரும்பும்னு சொன்னவரும் சும்மா சொல்லல, அவர் தேய்மான கணக்கை மனசுல வச்சு சொல்லியிருப்பார். ஒரு மெஷினோட மதிப்பு வருஷத்துக்கு 12% குறையுது, எப்ப பாதிக்கு கீழ போகும்னு கேட்டா 0.88^n < 0.5. இங்க log 0.88 நெகட்டிவ், அதால வகுக்கும்போது < போய் > ஆகிடும், n > 5.42, விடை 6. சோதிச்சு பாத்தா 0.88^5 = 0.5277, இன்னும் பாதிக்கு மேல, 0.88^6 = 0.4644, கீழ போயாச்சு. முதலீட்டு கணக்கையே யாராவது தலைகீழா எழுதினா, அதாவது (1/1.045)^n < 5/9-ன்னு ஆரம்பிச்சா, அங்கயும் குறி திரும்பும், கடைசியில அதே 13.35-க்கு தான் வந்து நிக்கும். ரெண்டு பேரும் சரி, வேற வேற கணக்கை பேசியிருக்காங்க.

அந்த .35-க்கு ஒரு அர்த்தமும் இல்லையான்னு கேட்டா, இருக்கு, ஆனா உங்க கணக்குல இல்ல. பணம் ஒவ்வொரு நொடியும் அதே வளைவுல வளர்ந்துக்கிட்டே இருந்தா 13 வருஷம் முடிஞ்சு 129 நாள்ல 9,000-ஐ தொடும். வருஷக் கடைசியில மட்டும் வட்டி ஏத்துற கணக்குல அந்த 129வது நாள்ல கணக்கை திறந்து பாத்தா அதே 8,860.98 தான் இருக்கும், ஒரு பைசா கூடியிருக்காது. இன்னொரு வேடிக்கை, அந்த 14வது வருஷ வட்டியான 398.74-ஐ நாள் வாரியா சமமா பிரிச்சு குடுத்தா 139.02 சேர 127 நாள் கொஞ்சம் தாண்டினா போதும், 129 வேண்டியதில்ல. ஏன்னா வளைவு நடுவுல நேர்கோட்டை விட கொஞ்சம் தாழ்வா போகும். ஆக லாக் குடுக்கற தசமத்தை நாளா மாத்தி தேதி சொல்றதுக்கு முன்னாடி வட்டி எப்படி ஏறுதுன்னு கேட்டுக்கணும். முழு வருஷம் மட்டும் கேட்டா இந்த தலைவலி எதுவும் இல்ல.

இதை விட நிறைய பேரை கவுக்கறது லாக் மதிப்பை பாதியிலயே ரவுண்டு பண்றது. உங்க கணக்குலயே பாருங்க, log 1.8-ஐ 0.26ன்னும் log 1.045-ஐ 0.02ன்னும் ரெண்டு தசமத்துக்கு வச்சுக்கிட்டா வகுத்தா சரியா 13 வருது. மேல 0.2553ன்னு நல்லாவே எழுதிட்டு கீழ மட்டும் 0.02ன்னு விட்டா 12.77 வருது, "மேல தூக்கணும்"ங்கற விதியை ஒழுங்கா பின்பற்றினாலும் 13 தான் கிடைக்கும், தப்பு. கீழ இருக்கற எண் ரொம்ப சின்னது, அதுல விடற சின்ன பிசகு அப்படியே அதே சதவீதத்துல வருஷத்துல போய் உக்காரும். 0.0191-ஐ 0.02 ஆக்கறது நாலரை சதவீதத்துக்கு மேல பிசகு, 13 வருஷத்துல அது அரை வருஷத்துக்கு மேல.

இதுல நானே ஒரு தடவை நல்லா வாங்கியிருக்கேன். லாக் டேபிள் வச்சு போட்ட காலம், நாலு இலக்க டேபிள். 1% வட்டியில பணம் ரெட்டிப்பை தாண்ட எத்தனை முழு வருஷம்னு கேள்வி. டேபிள்ல log 2 = 0.3010, log 1.01 = 0.0043. வகுத்தேன், சரியா 70 வந்துச்சு, மீதி கிடையாது. அப்ப 70வது வருஷம் சரியா ரெட்டிப்பு, "தாண்டணும்"னு கேட்டிருக்காங்க, அதனால 71ன்னு ரொம்ப புத்திசாலித்தனமா எழுதினேன். தப்பு. log 1.01 நிஜத்துல 0.0043214, அதை வச்சு வகுத்தா 69.66, விடை 70. 1.01^70 = 2.00676, தாண்டியாச்சு, 1.01^69 = 1.98689, தாண்டல. டேபிள் என்கிட்ட ரெண்டே ரெண்டு உருப்படியான இலக்கத்தை தான் குடுத்திருந்துச்சு, 4-ம் 3-ம், நான் அதை வச்சு 70-க்கும் 71-க்கும் நடுவுல தீர்ப்பு சொல்லிட்டேன். வட்டி விகிதம் குறைய குறைய 1.01, 1.005 மாதிரி எண்ணோட லாக் சிறுத்துக்கிட்டே போகும், டேபிள்ல நிக்கற இலக்கமும் குறையும், அதனால சின்ன வட்டி கணக்குல தான் கூடுதல் ஜாக்கிரதை வேணும். கால்குலேட்டர்ல போடறீங்கன்னா நடுவுல எதையும் பேப்பர்ல எழுதி திரும்ப அடிக்காதீங்க, `log(1.8)/log(1.045)`-ன்னு முழுசா ஒரே மூச்சுல அடிச்சுடுங்க. அடைப்புக்குறியையும் பாத்துக்கங்க, `log(1.8/1.045)` வேற விஷயம், அது 0.236 தான் வரும்.

அதனால நான் விடை எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை கண்டிப்பா பண்ணுவேன், வந்த n-ஐயும் அதுக்கு முந்தின வருஷத்தையும் ரெண்டையும் போட்டு பாத்துடுவேன். 14 தாண்டுதுன்னு மட்டும் பாத்தா பத்தாது, 15-ம் தான் தாண்டும், 40-ம் தாண்டும். 13 தாண்டலங்கறது தான் 14-ஐ மிகச்சிறிய எண்ணுன்னு நிரூபிக்குது. பவர் பட்டன் இல்லாத கால்குலேட்டரா இருந்தாலும் பெரிய வேலை இல்ல, வர்க்கம் எடுத்துக்கிட்டே போகலாம். 1.045-ஐ அதாலயே பெருக்கினா 1.0920, அதை அதாலயே பெருக்கினா பவர் 4, 1.1925, அதையும் அப்படி பண்ணா பவர் 8, 1.4221. 8-ஐயும் 4-ஐயும் பெருக்கினா பவர் 12, 1.6959. இன்னொரு 1.045 போட்டா 13, 1.7722, இன்னொண்ணு போட்டா 14, 1.8519. நடுவுல 1.8 உக்காந்திருக்கு பாருங்க. இங்க எழுத இடம் கருதி நாலு இலக்கம் தான் போட்டிருக்கேன், நீங்க கால்குலேட்டர்ல இருக்கறதை அப்படியே விட்டு பெருக்குங்க.

கடைசியா "தாண்டணும்"ங்கறதுக்கும் "எட்டணும்"ங்கறதுக்கும் உள்ள வித்தியாசம். பெரும்பாலும் இது தொந்தரவு பண்ணாது, லாக்கை லாக்கால வகுத்தா சரியா முழு எண்ணா வந்து விழுறது அபூர்வம். ஆனா கேள்வி எழுதறவங்க வேணும்னே வைப்பாங்க. 1,000 போட்டு 10% வட்டியில 1,331-ஐ தாண்டணும்னு கேட்டா லாக் சரியா 3 குடுக்கும், 3வது வருஷ முடிவுல சரியா 1,331 இருக்கும், தாண்டல, அதனால விடை 4. அதுவே "குறைஞ்சது 1,331 ஆகணும்"னு கேட்டா விடை 3. "மேல தூக்கணும்"னு மனப்பாடம் பண்ணவங்க இங்க 3-ல நின்னுடுவாங்க, ஏன்னா முழு எண்ணை மேல தூக்க ஒண்ணும் இல்ல. தாண்டணும்னா தசமத்தை வெட்டி எறிஞ்சிட்டு 1 கூட்டணும்னு வச்சுக்கிட்டா ரெண்டு கேஸுக்கும் பொருந்தும், 13.35-க்கு 13 + 1, சரியா 3-க்கு 3 + 1. அதே முழு எண் தானா, இல்ல என் 70 மாதிரி டேபிள் ஏமாத்தினதான்னு மட்டும் பெருக்கி பாத்துக்கணும்.

இந்த இடத்துல கம்ப்யூட்டரையும் முழுசா நம்ப முடியாது. பைத்தான்ல இதை அடிச்சு பாருங்க:

```
>>> 1.1**3
1.3310000000000004
>>> 1.1**3 > 1.331
True
```

3 வருஷத்துலயே தாண்டிடுச்சுங்குது. 1.1-ங்கற எண்ணை அதால ரெண்டடி முறையில சரியா எழுத முடியாது, ஒரு துளி கூடுதலா தான் வச்சுக்கும், அந்த துளி பெருகி கடைசி இலக்கத்துல எட்டிப் பாக்குது. 13.35 மாதிரி நடுவுல விழுற விடைக்கு இது ஒண்ணும் பண்ணாது, சரியா கோட்டு மேல நிக்கற கணக்குக்கு மட்டும் தசமத்தை தூக்கிட்டு முழு எண்ணா மாத்திக்கங்க. 1.1^3-ஐயும் 1.331-ஐயும் ஒப்பிடறதுக்கு பதிலா ரெண்டையும் 1000-ஆல பெருக்கினா 11^3-ம் 1331-ம் தான்:

```
>>> 11**3 > 1331
False
```

உங்க 4.5%-க்கும் இதே மாதிரி பண்ணலாம், 1.045-ங்கறது 209/200, அதனால 209^13 × 5-ஐ 200^13 × 9-ஓட ஒப்பிட்டா தசமமே வராது. எண் பயங்கர நீளமா வரும், பைத்தான் அலட்டிக்காது, முழு எண்ணை எவ்வளவு பெரிசா இருந்தாலும் ஒரு இலக்கம் விடாம வச்சுக்கும். 13-க்கு தாண்டலன்னு சொல்லும், 13-ஐ 14 ஆக்கினா தாண்டுச்சுன்னு சொல்லும்.